அத்திவாரம் முடியமுன்னமே எஸ்டிமேட்டைத் தாண்டினால்: பில்களை வைத்துக் கணக்குப் பிரிப்பது எப்படி

திருகோணமலை அன்புவழிபுரத்தில் நாங்கள் கட்டிய வீட்டுக்கு எஸ்டிமேட் 9,500,000 ரூபாய். அதில் அத்திவாரக் கட்டத்துக்கு ஒதுக்கியது 1,040,000. பிளிந்த் பீம் போட்டு, உள்ளுக்குக் கிறவல் நிரப்பி முடித்த பிறகு பில்களைச் சரிபார்த்துக் கூட்டினேன். 1,235,000. கொழும்பில் வேலை செய்யும் என் கணவர் தொலைபேசியில் கேட்டார்: "இப்பவே ரெண்டு லட்சம் கூடிட்டுதெண்டால், முழு வீடும் முடியேக்க எவ்வளவு கூடும்?"

இந்த வழிகாட்டி அந்தக் கேள்விக்கான பதில். 195,000 ரூபாய் கூடியிருக்கிறது என்று தெரிவது போதாது. அதில் எந்தப் பகுதி இனி வரும் கட்டங்களிலும் தொடரும், எது அத்திவாரத்தோடு முடிந்துபோகும், எதைத் திருப்பி வாங்கலாம் என்று பிரித்தால்தான் அடுத்த லோன் தவணைக்கு என்ன செய்வது என்று தெரியும். நான் ஒரு திணைக்களத்தின் கணக்குக் கிளையில் 19 வருடம் வேலை செய்தவள். ஆனாலும் வீட்டு வேலையில் முதல் மூன்று கிழமை பில்களை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டு வைத்திருந்தேன். அதனால் பட்ட பாடும் இதற்குள் வரும்.

எங்களுடையது கூலிக் கொந்தராத்து. பொருள் நாங்கள் வாங்கிக் கொடுப்போம், மேசன் அண்ணை அளவுப்படி கூலி எடுப்பார். பொருளும் கூலியும் சேர்ந்த முழுக் கொந்தராத்து என்றால் சீமெந்து மூட்டையை நீங்கள் எண்ணத் தேவையில்லை, ஆனால் கொந்தராத்துக்காரர் தரும் அளவு பில்லைச் சரிபார்க்கும் பகுதி அப்படியே பொருந்தும்.

முதல் வேலை: எஸ்டிமேட்டை ஒப்பிடக்கூடிய உருவுக்குக் கொண்டுவருதல்

"சதுர அடிக்கு 9,500 வரும்" என்று சொல்லித் தந்த ஒற்றைத்தாளை எஸ்டிமேட் என்று வைத்துக்கொண்டால் எந்தப் பில்லையும் அதோடு ஒப்பிட முடியாது. 1,000 சதுர அடி, 95 லட்சம், அவ்வளவுதான் அதில் இருக்கும். அத்திவாரத்தில் எத்தனை கியூப் கருங்கல் கட்டு, அதற்கு எத்தனை மூட்டை, மூட்டை என்ன விலைக்குப் போட்டது என்று இருந்தால்தான் ஒப்பிடலாம். பிளான் கீறியவரிடம் அல்லது குவாண்டிட்டி சேர்வேயரிடம் காசு கொடுத்தாவது, வேலை, அளவு, விலை எல்லாம் வரி வரியாகப் போட்ட பி.ஓ.கியூ ஒன்று எழுதி வாங்குங்கள். வங்கிக் கடன் எடுப்பவர்களுக்கு எப்படியும் அது தேவைப்படும்.

அது கையில் வந்ததும் ஒரு பிரதி எடுத்து, திகதி போட்டு, எந்தப் பிளானுக்கு எழுதியது என்று பிளானின் திகதியையும் அதில் குறித்து, பூட்டி வையுங்கள். பிறகு எது மாறினாலும் அந்தப் பிரதியில் கைவைக்கக்கூடாது. எனக்குத் தெரிந்த ஒருவர் விலை ஏறும்போதெல்லாம் எஸ்டிமேட்டையும் திருத்திக்கொண்டே வந்தார். கடைசியில் அவருடைய கணக்கில் ஒரு சதமும் கூடவில்லை, கையிலும் ஒரு சதம் இல்லை.

பி.ஓ.கியூவில் 80, 90 வரிகள் இருக்கும். அத்தனை வரிக்கும் பில் பிரித்து எழுத வீட்டுக்காரரால் ஏலாது. கட்டங்களாகச் சுருக்குங்கள்: 1 அத்திவாரம், 2 சுவரும் லிண்டலும், 3 கூரை, 4 வயரிங், 5 பைப் வேலையும் குழியும், 6 பூச்சு, 7 தரையும் டைல்ஸும், 8 கதவு யன்னல், 9 பெயின்ற், 10 மதில், கிணறு, வெளிவேலை. 11 என்று ஒன்றை "எஸ்டிமேட்டில் இல்லாதது" என்று வையுங்கள். 11 மிகவும் முக்கியம், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

எஸ்டிமேட் விலைகளில் வற் வரி சேர்ந்திருக்கிறதா என்று இப்போதே கேட்டு எழுதிவிடுங்கள். 2024 ஜனவரியிலிருந்து வற் நூற்றுக்கு 18. எஸ்டிமேட் வரியில்லாத விலையில் எழுதப்பட்டு, நீங்கள் வற் பதிவுள்ள கடையில் வாங்கினால், விலை ஏறாமலே ஏறிய மாதிரித் தெரியும்.

பில் வந்த அன்றே செய்யவேண்டியது

ஒரு பொருளுக்கு மூன்று தாள் வரலாம். கடை பில், பொருள் இறக்கும்போது வரும் டெலிவரி நோட், காசு கட்டியதற்கான பற்றுச்சீட்டு. செலவுக் கணக்கில் எழுதுவது பில்லை மட்டும். டெலிவரி நோட் பொருள் வந்ததற்குச் சாட்சி, பற்றுச்சீட்டு கடன் தீர்ந்ததற்குச் சாட்சி. கடைக் கொப்பியில் கணக்கு வைத்து மாத முடிவில் கட்டுகிறவர்கள் பில்லையும் ஒருமுறை, பற்றுச்சீட்டையும் ஒருமுறை எழுதி, ஒரே சீமெந்தை இரண்டுதரம் வாங்கியதாகக் கணக்குக் காட்டுவது சர்வசாதாரணம். என் பிஸ்கட் டின்னில் அப்படி 41,000 ரூபாய் இருந்தது.

பில் கைக்கு வந்ததும் அதன் மூலையில் கட்ட இலக்கத்தைப் பேனையால் எழுதி, தொலைபேசியில் படம் எடுங்கள். மெஷினில் அடித்துத் தரும் பளபளப்பான பில்லின் எழுத்து எங்கள் வெயிலுக்கு ஒரு சில மாதத்தில் மங்கிவிடும். "சாமான்கள் 18,500" என்று மொத்தமாக எழுதிய பில்லை வாங்காதீர்கள். பொருள், அளவு, ஒன்றின் விலை மூன்றும் இல்லாத பில்லில் இருந்து பின்னால் எதையும் பிரித்தெடுக்க முடியாது. மிஞ்சிய பொருளைக் கடைக்குத் திருப்பிக் கொடுத்தால் அதையும் கழித்தல் குறியோடு ஒரு வரியாக எழுதுங்கள்.

கூலிக்கு யாரும் பில் தரமாட்டார்கள். புத்தகக்கடையில் வவுச்சர் கொப்பி ஒன்று வாங்கி, திகதி, தொகை, என்ன வேலைக்கு என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அட்வான்ஸ் கொடுத்தால் "அட்வான்ஸ்" என்று எழுதுங்கள். அட்வான்ஸ் செலவு அல்ல. செய்த வேலையை அளந்து, அளவு பில் வந்த பிறகுதான் அது செலவாகும். இதைக் கலந்துவிட்டால் மேசன் பொங்கலுக்கு வாங்கிய அட்வான்ஸ் அத்திவாரச் செலவு கூடியதாகக் கணக்கில் தெரியும்.

ஒரு பொருளை மூன்றாகப் பிரித்தல்

இதுதான் முழு முறையின் உயிர். எங்கள் அத்திவாரத்தின் கருங்கல் கட்டுக்குப் போன சீமெந்தை வைத்தே காட்டுகிறேன். விலைகள் எங்களுடைய பில்களில் இருந்தவை; உங்களுடைய பில்லில் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எஸ்டிமேட்டில் கருங்கல் கட்டு 10 கியூப். 1 கியூப் என்றால் 100 கன அடி. ஒரு கியூபுக்கு 6 மூட்டை என்று போட்டிருந்தார்கள், சீமெந்தும் மணலும் 1க்கு 5 கலவைக்கு அது நியாயமான கணக்கு. ஆக 60 மூட்டை, மூட்டை 1,950 படி 117,000 ரூபாய். கடை பில்களைக் கூட்டினால் 80 மூட்டை, சராசரி விலை 2,050, மொத்தம் 164,000. கூடியது 47,000.

கூடியதற்கு மூன்று காரணம்தான் இருக்க முடியும். மூட்டை விலை ஏறியிருக்கலாம். கட்டிய வேலையே கூடியிருக்கலாம். கட்டிய வேலைக்கு வேண்டியதைவிடக் கூடுதலாகச் சீமெந்து போயிருக்கலாம். இந்த மூன்றையும் பிரிக்க ஓர் எண் வேண்டும், அது எந்தப் பில்லிலும் இருக்காது: உண்மையில் எத்தனை கியூப் கட்டப்பட்டது என்ற அளவு. அதை மண் போட்டு மூடமுன்னம் நீங்களே ரேப் பிடித்து அளக்கவேண்டும். மூடிய பிறகு சொல்வதெல்லாம் கதை.

எங்கள் காணியின் பின்பக்கம் பழைய பள்ளம் ஒன்றை மண் கொட்டி நிரப்பிய இடம். வெட்ட வெட்ட இளகிய மண்ணே வந்தது. நல்ல மண் கண்டபோது, போட்டிருந்த ஆழத்தைவிட 1 அடி 4 அங்குலம் கூடப் போயிருந்தது. நீளம் 75 அடி, கட்டின் அகலம் 1.5 அடி. பெருக்கினால் 150 கன அடி, அதாவது 1.5 கியூப். ஆகக் கட்டியது 11.5 கியூப். கியூபுக்கு 6 படி அதற்குப் போகவேண்டியது 69 மூட்டை.

விரிதாளில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி வையுங்கள். C எஸ்டிமேட் அளவு, D எஸ்டிமேட் விலை, E உண்மையில் வாங்கிய அளவு, F உண்மை விலை, G அளந்த வேலைக்குப் போகவேண்டிய அளவு. பிறகு 2ஆம் வரியில் H2, I2, J2 மூன்றிலும்:

```
=(F2-D2)*E2
=(G2-C2)*D2
=(E2-G2)*D2
```

முதலாவது விலை ஏற்றம், இரண்டாவது வேலை கூடியது, மூன்றாவது கூடுதலாகப் போனது. எங்கள் எண்களைப் போட்டால் 8,000, 17,550, 21,450. கூட்டினால் 47,000 சரியாக வரும். வராவிட்டால் எங்கோ தட்டச்சுப் பிழை.

கடைசி எண்ணைப் பார்த்து எனக்கு வயிறெரிந்தது. 11 மூட்டை. மேசன் அண்ணையிடம் போய், "அண்ணை, 11 மூட்டை எங்க போனது?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "அக்கா, கொட்டிலுக்குள்ள போய் எண்ணிப் பாத்தனீங்களோ?" என்றார்.

கொட்டிலில் 5 மூட்டை பிரிக்காமல் இருந்தது. அது அடுத்த கட்டத்துக்குரிய சரக்கு. பிறகு டெலிவரி நோட்டுகளின் திகதியைப் பார்த்தபோது, கிணற்றுக்கட்டு வெடித்த கிழமை 4 மூட்டை அங்கே போனது நினைவுக்கு வந்தது. அந்தப் பில்லின் மூலையில் நான் 1 என்று எழுதியிருந்தேன். 10 என்று எழுதியிருக்கவேண்டும். ஆக அத்திவாரத்துக்குப் போனது 71 மூட்டை. போகவேண்டியது 69. இரண்டு மூட்டை வித்தியாசத்துக்கு எந்த மேசனோடும் சண்டை பிடிக்கத் தேவையில்லை. ஈரம் பட்டு இறுகிய ஒரு மூட்டையும், கலவைத் தட்டில் மிஞ்சிக் காய்ந்ததும் அவ்வளவு வரும்.

E2இல் 71ஐப் போட்டுத் திரும்பக் கணக்குப் பார்த்தால் விலை ஏற்றம் 7,100, வேலை கூடியது 17,550, கூடுதலாகப் போனது 3,900. மொத்தம் 28,550. 47,000 என்று பயந்தது அவ்வளவாக இறங்கியது. மூன்றாவது எண் பெரிதாக வந்தால் முதலில் கொட்டிலை எண்ணுங்கள், பிறகு பில்லில் எழுதிய கட்ட இலக்கங்களைப் பாருங்கள், அதற்குப் பிறகுதான் ஆட்களைப் பாருங்கள். அந்த ஒழுங்கை மாற்றினால் நல்ல மேசன் ஒருவரை இழப்பீர்கள். மார்கழி மழைக்குள் இன்னொருவரைத் தேடுவது இலேசல்ல.

மணல்: பில் சொல்லும் கியூப் வேறு, இறங்கும் கியூப் வேறு

சீமெந்தை எண்ணலாம், மணலை எண்ண ஏலாது. அதனால் மணலில் மட்டும் இந்தக் கணக்கு உங்களை ஏமாற்றும். எங்கள் பக்கத்துக்கு மணல் பெரும்பாலும் மூதூர், கிண்ணியாப் பக்கத்திலிருந்து மகாவலி மணலாக வருகிறது. ஒரு லோட் 3 கியூப், கியூப் 16,000 என்று பில். இரண்டு லோட் எடுத்தோம், 6 கியூப், 96,000.

மேலே சொன்ன கணக்கில் மணலுக்கு மூன்றாவது எண் எகிறி நின்றது. மேசன் மணலை வீணாக்குகிறார் என்று அந்த எண் சொன்னது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. மூன்றாவது லோட் வந்தபோது கொட்டமுன்னம் ரேப்பை எடுத்துக்கொண்டு ஏறினேன். டிப்பர் பெட்டியின் உட்பக்கம் நீளம் 11 அடி, அகலம் 6.5 அடி, மணல் நின்ற உயரம் 3.5 அடி. பெருக்கினால் 250 கன அடி. இரண்டரைக் கியூப்.

"தம்பி, இது 3 கியூப் எண்டு ஆர் சொன்னது?"

"எல்லாருக்கும் இதுதான் அக்கா 3 கியூப்."

அப்படியென்றால் எல்லாருக்கும் அதுதான் பிரச்சினை. முன்பு வந்த இரண்டு லோட்டும் அதே வண்டி. 6 கியூபுக்குக் காசு கட்டி 5 கியூப் வாங்கியிருக்கிறோம். கியூப் 16,000 அல்ல, 19,200. இங்கே நடந்தது விலை ஏற்றம், ஆனால் பில்லில் அளவு பொய்யானபடியால் கணக்கில் அது வீண்செலவாக வேடம் போட்டு நின்றது. லொறி முதலாளியோடு கதைத்து, அந்த மூன்றாவது லோட்டில் 16,000ஐக் கழித்துக்கொண்டோம். கொட்டிய பிறகு கதைத்திருந்தால் கழித்திருக்கமாட்டார்.

அளப்பதை எப்போதும் பெட்டிக்குள் செய்யுங்கள். நிலத்தில் குவித்த மணலை அளந்து வாதாட முடியாது, மணல் ஈரத்துக்கு ஊதும். லேசாக நனைந்த மணல், காய்ந்த மணலைவிட நாலில் ஒரு பங்கு வரை கூடுதல் இடம் பிடிக்கும். சந்தேகம் என்றால் ஒரு வாளியில் மணலை அமுக்காமல் 12 அங்குலத்துக்கு நிரப்பி, மணல் மூடும் வரை தண்ணீர் விட்டுக் கம்பியால் கிளறுங்கள். மணல் படிந்து 10 அங்குலத்துக்கு வந்தால், மீதி 2 அங்குலம் நீங்கள் காசு கட்டிய காற்று. மழைக்காலத்தில் வாங்கும் மணலுக்கு இதையும் கணக்கில் எடுங்கள். மணல் ஏற்றிவர அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதால் வண்டி இலக்கத்தையும் அனுமதிப்பத்திர இலக்கத்தையும் பில்லின் பின்பக்கம் குறித்துக்கொண்டால், எந்த வண்டியின் லோட் குறைவு என்று பின்னால் பார்க்கலாம்.

கம்பிக்கு இந்தக் கரைச்சல் குறைவு. பில் கிலோவில் இருந்தால் தடிப்பை மி.மீ.இல் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி 162ஆல் பிரித்தால் ஒரு மீற்றரின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ. கம்பி மீற்றருக்கு ஏறத்தாழ 0.89 கிலோ, 6 மீற்றர்க் கம்பி ஒன்று 5.3 கிலோ. கம்பிகளை எண்ணிப் பெருக்கிப் பில்லோடு பாருங்கள்.

மேசனின் அளவு பில்லைச் சரிபார்த்தல்

கருங்கல் கட்டுக்குக் கூலி கியூப் 15,000 என்று பேசியிருந்தோம். மேசன் அண்ணை தந்த அளவு 12.4 கியூப். என்னுடைய அளவு 11.5. வித்தியாசம் 0.9 கியூப், 13,500 ரூபாய்.

இருவரும் ஒரே ரேப்பால், ஒரே சுவரை அளந்தோம். வித்தியாசம் மூலைகளில் இருந்தது. அவர் ஒவ்வொரு கட்டையும் வெளிமுனையில் இருந்து வெளிமுனைக்கு அளந்திருந்தார். நெடுங்கட்டை அப்படி அளந்து, அதைச் சந்திக்கும் குறுக்குக் கட்டையும் அப்படி அளந்தால், சந்திக்கும் இடம் இரண்டுமுறை எண்ணப்படும். ஒவ்வொரு சந்திப்பிலும் 1.5 அடி அகலம், 1.5 அடி நீளம், 3 அடி உயரம், அதாவது 6.75 கன அடி. எங்கள் வீட்டில் அப்படிச் சந்திப்பு 13. மொத்தம் 88 கன அடி, ஏறத்தாழ 0.9 கியூப். ஒரு தாளில் கீறிக் காட்டியதும் அவரே சிரித்துவிட்டு, "சரி அக்கா, உள்ளளவு பிடிப்பம்" என்றார். நெடுங்கட்டுகளை வெளியளவிலும், அவற்றுக்கிடையே வரும் குறுக்குக் கட்டுகளை உள்ளளவிலும் அளந்தால் எதுவும் இரண்டுமுறை வராது.

இதை வேலை தொடங்கமுன்னமே பேசி எழுதிவிடுவது நல்லது. சுவரில் கதவு யன்னல் வெளியைக் கழிப்பதா, பூச்சில் யன்னல் ஓரங்களை எப்படி அளப்பது, இவையும் அப்படித்தான். பூச்சுக்கும் டைல்ஸுக்கும் கூலி சதுரக் கணக்கு, 1 சதுரம் 100 சதுர அடி. யன்னல் வெளியைக் கழிக்காமல் கூலி கொடுப்பது பல இடங்களில் வழக்கம், ஓரம் பூசும் வேலைக்கு அது ஈடு என்று சொல்வார்கள். அதில் நியாயமும் உண்டு. ஆனால் எஸ்டிமேட் கழித்த அளவில் எழுதப்பட்டிருந்தால், ஒரு சதுர அடிகூட அதிகம் பூசாமலே கூலி கூடிநிற்கும். எது வழக்கம் என்பதைவிட, எஸ்டிமேட்டும் பில்லும் ஒரே முறையில் அளக்கப்பட்டவையா என்று பாருங்கள்.

கட்டம் முடிந்ததும் ஒரு தாள்

பொருள் பொருளாகப் பிரித்ததை எல்லாம் சேர்த்து ஒரு தாளில் எழுதினேன். எங்கள் 195,000 இப்படி வந்தது:

| காரணம் | ரூபாய் |
|---|---|
| விலை ஏற்றம் | 38,000 |
| ஆழம் கூடியது (கல், சீமெந்து, மணல், கூலி, வெட்டு, பம்பு வாடகை) | 82,000 |
| எஸ்டிமேட்டில் விடுபட்டது (உள்ளே கிறவல் நிரப்பல்) | 45,000 |
| நாங்களாக மாற்றியது (முன் விறாந்தை 2 அடி நீட்டியது) | 18,000 |
| விளங்காதது | 12,000 |

கடைசி வரியை மறைக்காதீர்கள். எல்லாம் விளங்கிவிட்டது என்று காட்ட அதை வேறு வரியில் செருகினால், அடுத்த கட்டத்தில் அது பெருகும்போது கண்டுபிடிக்க ஏலாது. கட்டச் செலவில் நூற்றுக்கு ஒன்று அளவில் நின்றால் விடலாம். எங்களுடையது அந்த அளவுதான்.

விடுபட்டது 45,000 என்பதில்தான் 11ஆம் இலக்கம் உதவியது. பிளிந்துக்குள் நிரப்பும் கிறவலை எஸ்டிமேட் எழுதியவர் மறந்திருந்தார். அதை 1க்குள் எழுதியிருந்தால் ஏதோ கூடிவிட்டது என்று போயிருக்கும். 11இல் தனியாக நின்றதால், வேறு என்னென்ன விடுபட்டிருக்கும் என்று பி.ஓ.கியூவை முதலிலிருந்து வாசித்தேன். கழிவறைக் குழிக்கு மூடி இல்லை. மின்சாரத் தூணில் இருந்து வீட்டுக்கு இணைப்பு எடுக்கும் கட்டணம் இல்லை. இரண்டுக்கும் அப்போதே விலை கேட்டு எழுதிவைத்தேன்.

எதிர்பாராச் செலவுக்கென்று எஸ்டிமேட்டில் ஒரு தொகை இருந்தால், அதிலிருந்து எடுப்பது ஆழம் கூடியது போன்றவற்றுக்கு மட்டும். விறாந்தையை நீட்டியதை அதில் எழுதக்கூடாது என்று வீட்டில் நான் பிடிவாதமாக நின்றேன். நீட்டச் சொன்னது என் மாமி, ஆகவே அது ஒரு கிழமைக்கு வீட்டில் பேச்சாக இருந்தது.

மிச்ச வீட்டுக்கு என்ன வரும்

இப்போது கணவரின் கேள்விக்கு வரலாம். அவர் மனக்கணக்காகப் போட்டது இது: 1,040,000க்கு 195,000 கூடினால் நூற்றுக்கு 18.75, முழு வீட்டுக்கும் அப்படியே கூடினால் 95 லட்சம் 112 லட்சத்து 81 ஆயிரமாகும். அந்தத் தொகையைக் கேட்டால் யாரும் வேலையை நிறுத்திவிடுவார்கள்.

ஆனால் தாளைப் பாருங்கள். ஆழம் கூடியது இனி வராது, கூரைக்குக் கீழே பள்ளம் இல்லை. கிறவலும் முடிந்தது. விறாந்தை நீட்டியதற்குச் சுவரிலும் கூரையிலும் கொஞ்சம் கூடும், அதைத் தனியாக அளந்து சேர்க்கலாம். தொடர்ந்து வரக்கூடியது விலை ஏற்றம் ஒன்றுதான்.

அத்திவாரத்துக்கு வாங்கிய பொருட்களை எஸ்டிமேட் விலையில் போட்டால் 760,000. அதற்குமேல் 38,000 கூடியது, நூற்றுக்கு 5. மீதமுள்ள எஸ்டிமேட் 8,460,000. அதில் பொருளுக்கு உரியது நூற்றுக்கு 60 என்று எங்கள் பி.ஓ.கியூவில் வந்தது, ஏறத்தாழ 5,076,000. அதற்கு நூற்றுக்கு 5 போட்டால் 254,000. ஆகவே அன்றைக்கு எதிர்பார்க்கவேண்டிய முடிவு:

9,500,000 + 195,000 + 254,000 = 9,949,000

விறாந்தைக்கும் 11ஆம் இலக்கத்தில் கண்டுபிடித்தவைக்கும் சேர்த்து ஒரு கோடியை ஒட்டி வந்தது. 112 லட்சத்துக்கும் இதற்கும் இடையில் இருக்கும் 12 லட்சத்துக்குமேலான வித்தியாசம், கடன் கூட்டிக் கேட்பதா, மதிலைப் பிறகு கட்டுவதா என்ற முடிவையே மாற்றிவிட்டது. மதிலைத் தள்ளிப் போட்டோம்.

இந்தக் கணக்கின் பலவீனத்தையும் தெரிந்து வைத்திருங்கள். சீமெந்தும் கம்பியும் நூற்றுக்கு 5 ஏறியதால் டைல்ஸும் அலுமினிய யன்னலும் அவ்வளவே ஏறும் என்று இல்லை. அவை வேறு இடத்தில் இருந்து வருபவை, வேறு காரணத்துக்கு ஏறி இறங்குபவை. அதனால் நூற்றுக்கு 5 என்பதை அடுத்த கட்டம் வரை மட்டும் நம்புங்கள். ஒவ்வொரு கட்டமும் தொடங்க ஒரு மாதம் முன்னம், அந்தக் கட்டத்தின் பெரிய மூன்று நான்கு பொருட்களுக்கு இரண்டு கடையில் விலை எழுதி வாங்கி, எஸ்டிமேட் விலைக்குப் பக்கத்தில் போடுங்கள். கூரைக்கு மரமும் ஓடும். தரைக்கு டைல்ஸும் அதை ஒட்டும் கலவையும். சுவர் லிண்டல் மட்டத்துக்கு வந்த கிழமையில் நான் கூரைக்கு விலை கேட்கப் போனேன். மரத்தின் விலை எஸ்டிமேட்டைவிட நூற்றுக்கு 14 கூடியிருந்தது, ஓடு எஸ்டிமேட் விலையிலேயே நின்றது. மரக்காலையில் சலாகையின் அளவைக் கேட்டபோதுதான் தெரிந்தது, எஸ்டிமேட்டில் போட்டிருந்தது வேறு அளவுச் சலாகை.